மூன்றாவது கேள்விக்குப் பிறகு

"அய்யா, பயிர் மஞ்சளடிக்குதுங்க, என்ன அடிக்கலாம்?"

ஐப்பசி பிறந்து சம்பா நடவு முடிந்து, பயிர் தூர் கட்டத் தொடங்கும் நாள்களில், காவிரியின் கடைமடைப் பகுதியில் வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவனின் கைப்பேசியில் மாலை ஆறு மணிக்கு மேல் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன. பயிருக்கு நேர்ந்ததையும் அதற்குரிய பரிகாரத்தையும் "அடி" என்ற ஒரே வினைச்சொல்லால் முடிச்சுப் போட்டுவிடும் அந்த வாக்கியத்தில், எதையோ தெளித்தே தீர வேண்டும் என்ற தீர்மானம் கேள்வி பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதை நான் புரிந்துகொள்ளச் சில வருஷங்கள் ஆயின. அதற்கு எத்தனை எதிர்க்கேள்வி கேட்ட பிறகு பதில் சொல்லத் தொடங்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிடவும் அதிக காலம் ஆயிற்று.

நெற்பயிர் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த அடி இலைகள் நுனியிலிருந்து வெளுத்து, வயல் முழுவதும் ஒரே சீராக மஞ்சள் படரும். இரும்புச் சத்துக் குறைந்தாலோ இதற்கு நேர்மாறாகப் புதிதாக வரும் குருத்து இலைதான் முதலில் வெளுக்கும். துத்தநாகம் குறைந்தால் நட்ட இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள், திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி, இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப் பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ என்னும் வைரஸ் நோயிலும் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றும். மஞ்சள் மட்டும் சற்று ஆரஞ்சு நிறம் கலந்ததாக இருக்கும். பாக்டீரியா இலைக்கருகலில் இலையின் ஓரங்கள் நுனியிலிருந்து அலை அலையாக வைக்கோல் நிறம் பெறும். இவை போதாவென்று, களைக்கொல்லி தெளித்த அதிர்ச்சியில் வரும் மஞ்சள், நட்ட நாற்று வேர் பிடிக்கும் வரை இருக்கும் மஞ்சள் என்று தாமே வந்து தாமே போகிறவையும் உண்டு. இவ்வளவையும் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவனிடம் ஒருவர் "மஞ்சளடிக்குது" என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால், அவன் மனத்தில் கேள்விகள் ஊற்றெடுப்பது இயற்கைதானே.

எனக்கும் அப்படித்தான் ஊற்றெடுத்தன. பணியில் சேர்ந்த காலத்தில் விவசாயி நேரில் வருவார். கையில் ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிக்கொண்டும் வருவார். பெஞ்சில் உட்காரவைத்து எத்தனை கேள்வி கேட்டாலும், அரசாங்க அலுவலகத்தில் காத்திருப்பது அவருக்கு வழக்கமாகையால், பொறுமையாகப் பதில் சொல்வார். கைப்பேசி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. ஒரு கார்த்திகை மாதம், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒருவர் கூப்பிட்டார். நான் புத்தக வரிசைப்படி ரகத்தின் பெயர், விதை எங்கே வாங்கியது, விதை நேர்த்தி செய்ததா, நாற்றின் வயது, மண் பரிசோதனை செய்த வருஷம், முந்தைய பயிர், அடியுரம் என்ன, எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். பதினொன்றாவது கேள்வியில், "சரிங்கய்யா, அப்புறமா கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் கூப்பிடவில்லை. நேரே மருந்துக்கடைக்குப் போனார். அங்கே ஒரு கேள்வியும் இல்லாமல் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, "பயிர் தேற" ஒரு டானிக் என்று மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார்கள். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து தெளித்தார். மறு வாரம் வேறு காரியமாக அந்தப் பக்கம் போன நான் அவரைச் சந்தித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அவர் என்னைக் கூப்பிடுவதற்கு எட்டு நாள் முன்பு பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லியைத் தெளித்திருந்தார். அந்த மருந்துக்குப் பயிர் சற்று மஞ்சளாவதும், பத்துப் பதினைந்து நாளில் தானே பச்சை திரும்புவதும் தெரிந்த சங்கதிதான். "ஒன்றும் அடிக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்" என்பதே சரியான பதிலாக இருந்திருக்கும். களைக்கொல்லி பற்றிய கேள்வி என் பட்டியலிலும் இருந்தது. பன்னிரண்டாவதாக.

அந்த வருத்தத்தில் கொஞ்ச காலம் எதிர்த்திசையில் ஓடினேன். கேள்வியே கேட்காமல், கூப்பிட்டவரிடம் எனக்குத் தெரிந்த எல்லாச் சாத்தியங்களையும் நிபந்தனைகளோடு அடுக்கிச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இதற்கு எனக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. வானொலியில் வேளாண்மை நிகழ்ச்சி நடத்துகிறவர் எதிரே இருப்பவரைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே அவர் "அடி இலை மஞ்சளானால் இது, குருத்து மஞ்சளானால் அது" என்று கிளை பிரித்துத்தான் பேசியாக வேண்டும். 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைத் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் வானொலியில் கேட்டுக் கேட்டே பயிரிடத் தொடங்கியதால் அதற்கு "ரேடியோ நெல்" என்ற பெயரே நிலைத்துவிட்டது என்றால், அந்த முறையைக் குறைத்து மதிப்பிட யாருக்குத் துணிவு வரும்? ஆனால் ஒரு புது ரகத்தைப் பற்றிச் சொல்வது வேறு, ஒரு நோயைப் பற்றிச் சொல்வது வேறு என்பதை நான் கவனிக்கவில்லை. புது ரகத்துக்கு ஒரே செய்தி. நோய்க்கோ ஐந்து கிளை. தம் வயலைப் பற்றிய கவலையோடு கேட்பவரின் காதில் ஐந்து கிளைகளில் தமக்குப் பிடித்த கிளை மட்டும் நிற்கிறது. "தழைச்சத்துக் குறைவாக இருந்தால் யூரியா போடலாம், ஆனால் கருகலாக இருந்தால் போடவே கூடாது" என்று நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் மறுநாள் காலை யூரியா போட்டுவிட்டு, "அய்யா சொன்னபடி போட்டாச்சுங்க" என்று நன்றியோடு கூப்பிட்டுச் சொன்னார். "ஒருவேளை" என்ற சொல் கைப்பேசியில் அதிக தூரம் பயணம் செய்வதில்லை.

ஆக, பதினொரு கேள்வியும் உதவவில்லை, பூஜ்யமும் உதவவில்லை. நடுவில் எங்கே நிற்பது என்று தேடியபோது, கேள்விகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் விலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பட்டது. மாலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலோ டீக்கடை வாசலிலோ நின்றுகொண்டு கூப்பிடும் ஒருவரால், நட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதை நினைவிலிருந்து உடனே சொல்ல முடியும். கடந்த பத்து நாளில் வயலில் என்ன போட்டார், என்ன தெளித்தார் என்பதையும், காசு கொடுத்து வாங்கியதாகையால், தவறாமல் சொல்ல முடியும். மஞ்சள் வயல் முழுவதும் பரவலாக இருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா என்பதை வரப்பில் நின்று பார்த்ததை வைத்தே சொல்ல முடியும். ஆனால் அடி இலையா குருத்தா, நடுநரம்பு வெளுத்திருக்கிறதா, பச்சைப் பூச்சி பறக்கிறதா, வேர் கறுத்திருக்கிறதா என்பதையெல்லாம் சொல்ல அவர் வயலில் இறங்கிக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்திருக்கமாட்டார். நானும் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பார்க்காததை நாம் கேட்டால் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் நான் கண்ட மிக முக்கியமான உண்மை. அவர் "தெரியாது" என்று சொல்வதில்லை. படித்த அதிகாரி கேட்கிறார், தெரியாது என்று சொன்னால் அசட்டையாகப் பயிர் வைக்கிறவன் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் ஒரு புறம்; எந்தப் பதிலைச் சொன்னால் இந்த விசாரணை சீக்கிரம் முடியும் என்ற தவிப்பு மறுபுறம். "நடுநரம்பு அடியில் வெளுத்திருக்கிறதா?" என்றால் "ஆமாங்க" என்பார். "கீழ் இலையில் துருப்புள்ளி இருக்கிறதா?" என்றால் "இருக்குங்க" என்பார். மறுநாள் நான் நேரில் போய்ப் பார்த்தால் இரண்டும் இராது. நான்காவது, ஐந்தாவது கேள்வியிலிருந்து வரும் விடைகளில் பெரும்பகுதி என் கேள்வியின் எதிரொலியே. தொடர்ந்து இரண்டு "ஆமாங்க" வந்தால், அதுவும் யோசிக்கும் அவகாசம் இல்லாமல் வந்தால், நான் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் நேரத்தை வீணாக்குவதோடு நில்லாமல், பொய்யான ஆதாரங்களைச் சேர்த்து என் அனுமானத்துக்கு அசட்டுத் துணிவையும் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு சங்கடமான உண்மையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு கேள்வி கேட்ட அந்த நாளில் நான் கேட்டவற்றுள் பாதி, விடை எதுவாக இருந்தாலும் என் பதிலை மாற்றியிருக்காதவை. விதை எங்கே வாங்கினார் என்பது, நட்டு இருபது நாளான பயிரின் மஞ்சளுக்கு நான் அன்று சொல்லப்போகும் யோசனையை எப்படி மாற்றும்? பின் ஏன் கேட்டேன்? பதில் தவறிப்போனால் பழி என் மேல் வருமே என்ற பயம்தான். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் வரை நாம் தவறு செய்வதில்லை, சிரத்தையாகவும் காட்சியளிக்கிறோம். ஒத்திப்போடுவதற்கு இதைவிடக் கௌரவமான யுக்தி கிடையாது.

போன வருஷம் கார்த்திகையில் வந்த ஓர் அழைப்பைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். நான்கு மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல், சி.ஆர். 1009 ரகம். வழக்கமான முதல் வாக்கியத்துக்குப் பிறகு நான் கேட்டேன்:

"நட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"நாளையோட இருபத்தஞ்சுங்க."

"பத்து நாளைக்குள்ள என்ன போட்டீங்க, என்ன அடிச்சீங்க?"

"போன வாரம் டி.ஏ.பி.யும் யூரியாவும் கலந்து போட்டேன். மருந்து ஒண்ணும் அடிக்கலைங்க. களைக்கு ஆள்தான் விட்டேன்."

"வயல் முழுக்க மஞ்சளா, திட்டுத் திட்டாவா?"

"திட்டுதாங்க. வடிகால் ஓரத்துல ஒரு மா பள்ளம், அங்கதான். மேட்டுப் பக்கம் கரும்பச்சையா நிக்குது."

மூன்று கேள்விகளில் எவ்வளவு விலகிவிட்டது பாருங்கள். இருபத்தைந்து நாள் என்றால் நட்ட அதிர்ச்சி இல்லை. களைக்கொல்லி இல்லை. ஒரு வாரத்துக்கு முன்தான் யூரியா போட்டிருக்கிறார், மேட்டுப் பக்கம் கரும்பச்சை என்றால் தழைச்சத்துக் குறைவும் பெரும்பாலும் இல்லை. பள்ளத்தில் மட்டும் என்பதால் தண்ணீர் தேங்கிய இடம். தண்ணீர் தேங்கிய இடத்தில் இரும்புக் குறைவு வருவது அரிது, ஏனெனில் நீரில் மூழ்கிய மண்ணில் இரும்பு எளிதாகக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். மிஞ்சுவது இரண்டு: முதலாவது, ஓயாத தேக்கத்தாலும் டி.ஏ.பி.யின் மணிச்சத்தாலும் கிடைக்காமல் போன துத்தநாகம், அடுத்தபடியாகத் துங்ரோ. தேக்கத்தால் வேர் அழுகத் தொடங்கியிருப்பதும் முதலாவதோடு சேர்ந்தே வரக்கூடியது.

நான்காவது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இலையைப் பற்றியது. விழுங்கிவிட்டேன். அதற்கு விடை அவரிடம் இல்லை, வயலில் இருக்கிறது; ஆகவே அதைக் கேள்வியாக வைக்காமல் பதிலின் ஒரு பகுதியாக்கினேன்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "இன்னிக்கும் நாளைக்கும் யூரியா போடாதீங்க, மருந்து எதுவும் வாங்காதீங்க. பள்ளத்துத் தண்ணியை வடிச்சு விடுங்க. அனேகமா ஜிங்க் குறைவுன்னு நினைக்கிறேன், ஆனா நிச்சயமாச் சொல்லணும்னா காலைல ஒரு காரியம் பண்ணணும். திட்டோட ஓரத்துல ஒரு குத்து, மேட்டுல ஒரு குத்து, ரெண்டையும் வேரோட பிடுங்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. என்ன வித்தியாசம் தெரியுதோ அதை எனக்குச் சொல்லுங்க. பிடுங்கறதுக்கு முன்னாடி பயிரைக் கையால ஒரு தட்டு தட்டுங்க, ஏதாவது பறக்குதான்னு கவனிங்க."

"யூரியா போடக் கூடாது, மருந்து வாங்கக் கூடாது, தண்ணிய வடிக்கணும், ரெண்டு குத்து பிடுங்கணும்" என்று அவரைத் திருப்பிச் சொல்லவைத்தேன். சொன்னார். கூடவே, "வடிகாலே நெறஞ்சு நிக்குதுங்களே, எங்க வடிக்கிறது?" என்றார்.

இதை நான் யோசிக்கவில்லை. கார்த்திகை மழையில் வடிகால் ததும்பி நிற்கும்போது, அதன் ஓரத்துப் பள்ளத்தை வடித்துவிடச் சொல்வது மேட்டூர் அணையிலிருந்து கொண்டு யோசனை சொல்வதைப் போலத்தான். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வடிகால் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்த அசட்டு யோசனையைச் சொல்லியிருக்கமாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் பதிலைச் சொன்னதால்தானே அந்தத் தகவல் வந்தது? கேள்விக்கு விடையளிப்பதைவிட, ஒரு யோசனையில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டுவது மனிதர்களுக்கு எளிதாகவும் உற்சாகமாகவும் இருக்கிறது; அரைகுறையான பதில் நான் கேட்கத் தெரியாத கேள்விக்கும் விடை வாங்கித் தந்துவிடுகிறது. "அப்படின்னா வாய்மடையை அடைச்சு, புதுத்தண்ணி உள்ள வராமப் பண்ணுங்க. வடிகால் இறங்கினதும் வடிச்சுக்கலாம்" என்று திருத்திச் சொன்னேன்.

யூரியாவை நிறுத்தச் சொன்னதற்கும் ஒரு கணக்கு உண்டு. என் அனுமானம் தவறி, உண்மையில் தழைச்சத்துக் குறைவாகவே இருந்துவிட்டாலும், இரண்டு மூன்று நாள் தாமதத்தால் தூர் கட்டும் பருவத்துப் பயிருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மாறாக இலைக்கருகலாக இருந்து யூரியா போட்டுவிட்டால், நோய் அதைத் தின்று கொழுக்கும். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி வழியும் நேரத்தில் போட்டாலோ உரத்தின் காசு வடிகாலோடு போய்விடும். அரைப் பதில் சொல்கிறவன் முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்: தான் சொன்னது பொய்த்துப்போனாலும் கேட்டவர் திரும்பி வர வழி இருக்கிறதா? இருந்தால் சீக்கிரமாகவே சொல்லிவிடலாம். "வேண்டாம்", "பொறுங்கள்" என்பவற்றுக்குப் பெரும்பாலும் திரும்ப வழி உண்டு. "போடுங்கள்", "அடியுங்கள்" என்பவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கூப்பிட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; அவரே பேசினார். திட்டில் பிடுங்கிய குத்து அரை முழம் குட்டை. கீழ் இலையெல்லாம் "துருப்பிடிச்ச தகரம் மாதிரி" புள்ளி. வேர் கொஞ்சம் கறுத்து, முகர்ந்தால் அழுகின முட்டை வாசனை. தட்டினால் இரண்டு மூன்று கொசுதான் பறந்தது, பச்சைப் பூச்சி இல்லை. நடுநரம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "குருத்துக்குப் பக்கத்து இலை, அடியில தண்டோரமா வெள்ளக்கோடு போட்ட மாதிரி இருக்குங்க" என்று அவராகவே சொன்னார். முந்தின நாள் இரவு நான் கேட்டு அவர் "ஆமாங்க" என்று சொல்லியிருந்தால், இந்த வெள்ளைக்கோட்டுக்கு நான் எந்த மதிப்பும் கொடுத்திருக்க முடியாது.

இரண்டாவது பதில் சுருக்கமாக முடிந்தது. பத்து லிட்டர் டேங்குக்கு ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட், நூறு கிராம் யூரியா. தனித்தனியே கரைத்து வடிகட்டிச் சேர்த்து, பள்ளத்து ஒரு மாவுக்கு ஏழு டேங்க் போல, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். ஆகச் செலவாவது முந்நூற்றைம்பது கிராம் ஜிங்க் சல்பேட்டும் எழுநூறு கிராம் யூரியாவும்தான். பழைய இலை தேறாது, புதிதாக வரும் இலையைப் பார்க்க வேண்டும். பதினைந்து நாளில் பச்சை திரும்பாவிட்டால் மறுபடி ஒரு முறை. திட்டின் நடுவே ஐந்தடி அகலத்துக்கு ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டுவையுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அது பயிருக்காக அன்று, என் அனுமானம் சரிதானா என்று தெரிந்துகொள்ள.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. இமயமலையடிவாரத் தராய்ப் பகுதியில் கைரா என்ற பெயரில் நெல்லைப் பீடித்த வியாதிக்குத் துத்தநாகக் குறைவுதான் காரணம் என்று பந்த்நகரில் இருந்த விஞ்ஞானி ஒய்.எல். நேனே 1966இல் வெளியிட்டார். நெல்வயலில் துத்தநாகக் குறைவு என்ற ஒன்றை உலகம் அறிந்துகொண்டதே அதன்மூலம்தான். அதற்கு முந்தைய வருஷம் தராய் விவசாயி ஒருவர் எவ்வளவு கெட்டிக்கார அதிகாரியிடம் போயிருந்தாலும், அவர் நூறு கேள்வி கேட்டிருந்தாலும், சரியான விடை வந்திருக்காது; கேட்பவரின் பட்டியலிலேயே துத்தநாகம் கிடையாதே! துத்தநாகத்தைத் தெளித்துப் பார்த்தால் பயிர் தேறிற்று என்பதுதான் அங்கே விடை. விசாரணையால் எட்டமுடியாத இடத்துக்குச் சிறிய அளவில் செய்துபார்ப்பது எட்டிவிடுகிறது. அந்த ஐந்தடிப் பட்டைக்கு நான் ஆசைப்பட்டதும் அதனால்தான்.

மூன்று என்ற எண்ணை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை. நெல் மஞ்சளுக்கு அது பொருந்தியது, அவ்வளவே. மருந்து தெளித்துக்கொண்டிருந்தவர் வயலில் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஓர் அழைப்பு வந்தால், அங்கே ஒரு கேள்வி கேட்பதும் குற்றம். "வயலைவிட்டு வெளியே தூக்குங்கள், சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் என்ன மருந்து என்று கேட்க வேண்டும். "வீட்டில் பாதிப் புட்டி இருக்கிறது, சீட்டு கிழிந்துவிட்டது, டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றலாம்?" என்று கேட்பவரிடம் அரைப் பதிலே கூடாது. அது களைக்கொல்லியா பூச்சிமருந்தா என்று நிச்சயமாகும் வரை எத்தனை கேள்வியானாலும் கேட்கலாம், நிச்சயமாகாவிட்டால் "ஊற்றாதீர்கள்" என்பதோடு முடித்துக்கொள்ளலாம். அப்படித் தோராயமாகச் சொல்லி ஒரு வயலையே வெந்துபோகவைத்த கதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒன்றாவது தெரியும்.

அந்த நான்கு மாக்காரர் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். திட்டு பச்சை திரும்பிவிட்டது, புது இலை நன்றாக வந்திருக்கிறது என்று குதூகலமாகச் சொன்னார். பட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார்.

"அதையும் சேத்து அடிச்சுட்டேங்க. அது மட்டும் மஞ்சளா நின்னா பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

தெளித்த மூன்றாம் நாளே மழை விட்டு வடிகாலும் இறங்கித் தண்ணீர் வடிந்துவிட்டதாம். ஆகவே பயிரைத் தேற்றியது ஜிங்க் சல்பேட்டா, தண்ணீர் வடிந்து வேருக்குக் காற்றுக் கிடைத்ததா, இரண்டும் சேர்ந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகமே இல்லை. இந்த வருஷம் நடவுக்கு நான்கு நாள் இருக்கும்போதே கூப்பிட்டு, நான் வாய் திறக்கும் முன், "சி.ஆர். ஆயிரத்து ஒன்பதுதாங்க, அதே பள்ளம்தாங்க, இன்னும் டி.ஏ.பி. போடலைங்க, ஜிங்க்க அதோட கலந்து போடலாமா, தனியாப் போடணுமா?" என்றார்.

"தனியாத்தான். ஏக்கருக்குப் பத்துக் கிலோ, மணலோட கலந்து, கடைசி உழவுக்குப் பிறகு" என்றேன். வைத்துவிட்டார்.